நான் வரிசை மாற்றிய வாக்குமூலம்

இதை எழுதுவதற்கு இருபது வருஷத்துக்கு மேல் தயங்கிவிட்டேன். மூன்று தடவை உட்கார்ந்து எழுதிப் பார்த்து மூன்று தடவையும் கிழித்து அடுப்பில் போட்டேன். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்த மனிதர் உயிரோடு இருக்கும்போது எழுதக்கூடாது என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அவர் காலமான பிறகும் கை வரவில்லை. எழுதினால் என் தப்பையும் எழுத வேண்டும். அதுதான் உண்மைக் காரணம். இந்தக் கார்த்திகையில் வடிவுடையம்மன் சந்நிதியில் நின்றபோது, இனியும் தள்ளிப்போட்டால் எழுதக் கண் இருக்காது என்று தோன்றியது. வந்து உட்கார்ந்துவிட்டேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. அப்பா தென்பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக்கடை வைத்தவர். பத்தாவது முடித்ததும் கடையில் உட்கார மனமில்லாமல், மாடியில் நடந்த ஒரு டைப்பிங் பள்ளியில் தமிழ்ச் சுருக்கெழுத்துப் படித்தேன். அந்தக் காலத்தில் அதைப் படித்தவர்கள் குறைவு. சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. கிடைத்தது என்பதைவிட, அங்கே ஹெட் கிளார்க்காக இருந்த, என் மனைவிக்குப் பெரியப்பா முறை ஆகிறவர் வாங்கித் தந்தார் என்பதே சரி. காலடிப்பேட்டையில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். ஒரு பெண் குழந்தை. அடுத்தது வயிற்றில்.

என் வேலை இதுதான். தொழிலாளி மேல் புகார் வந்தாலோ, விபத்து நடந்தாலோ, ஆபீசில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். கேட்பதையும் சொல்வதையும் நான் பென்சிலால் சுருக்கெழுத்தில் எடுப்பேன். சுருக்கெழுத்து வெறும் கோடும் வளைவும்தான். அதில் கமாவும் கிடையாது, பத்தியும் கிடையாது. பேசுகிறவன் மூச்சு விடாமல் பேசினால் கோடும் மூச்சு விடாமல் ஓடும். அதை எல்லாரும் படிக்கும்படி வாக்கியம் பிரித்து, புள்ளி வைத்து, பத்தி கட்டி எழுதித் தர வேண்டும். ஆபீசில் அதை ஃபேர் காப்பி என்பார்கள். எழுதி முடித்ததும் நோட்டில் அந்தப் பக்கத்துக்குக் குறுக்கே ஒரு கோடு அடித்துவிடுவோம். வேலை தீர்ந்தது என்று அர்த்தம்.

ஹெட் கிளார்க் முதல் நாளே ஆபீஸ் வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தார். கேள்விகளை எழுத வேண்டாம். ஆள் தானாகச் சொன்னது போல ஒரே கோவையாக வர வேண்டும். இந்தப் பக்கத்துப் பேச்சை அப்படியே எழுதினால் மேலே இருக்கிறவர்கள் படிக்க மாட்டார்கள், நல்ல தமிழாக்கு. சொன்னதையே சொன்னால் ஒரு தடவை போதும். ஒரு தாளுக்கு மேல் போகக்கூடாது. நானும் அதைக் கற்றுக்கொண்டு, அதில் பெயரும் வாங்கினேன். என் ஃபேர் காப்பியை எடுத்து மற்ற குமாஸ்தாக்களிடம் காட்டி, "பாரும், தண்ணி மாதிரி ஓடுது" என்பார். எனக்கு உள்ளுக்குள் குளிரும். அந்தக் குளிர்ச்சிதான் என்னைக் கெடுத்தது.

எங்கள் தொழிற்சாலை முற்றத்தில் சரக்கு ரயில் பெட்டியிலிருந்து இரும்புக் குழாய்களைக் கட்டுக் கட்டாகக் கிரேனில் இறக்குவார்கள். குழாய்க் கட்டுக்குக் கம்பிக் கயிறு போட்டு, கொக்கியில் மாட்டி, கிரேன்காரருக்குக் கை காட்டுகிறவருக்குக் கலாசி என்று பெயர். அந்த வேலையில் இருந்தவர் காத்திவாக்கத்துக்காரர். கடலுக்குப் போகும் குடும்பம். கயிறு கட்டுவதில் அவர்களுக்குக் கை பழக்கம் உண்டு என்பதால் கம்பெனி அவர்களைத் தேடி எடுக்கும். அவரோடு கீழே நின்று வேலை செய்தவன் அவர் மனைவியின் தம்பி. மச்சானை அவர்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டிருந்தார்.

ஒரு காலையில் குழாய்க் கட்டை ஆள் உயரத்துக்குத் தூக்கியபோது கயிறு அறுந்தது. குழாய்கள் சரிந்து அந்த மச்சானின் வலது கால் மாட்டிக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் விசாரணை. அதற்கென்றே கம்பெனி வைத்திருந்த அதிகாரி, கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பட்டணத்திலிருந்து வந்தார். டைம் ஆபீசுக்கு மேலே ஒரு அறை. கலாசி உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே சொன்னார். கண் எங்கேயோ இருந்தது. நான் எடுத்தேன். விபத்தைப் பற்றி அன்று என் நோட்டில் இருந்தது இப்படித்தான், ஒரு புள்ளி இல்லாமல்:

"கையக் காட்டினேன் தூக்கினாரு இடுப்பு ஒசரம் வந்திச்சி பாத்தேன் ஆள் ஒசரம் வந்திச்சி பாத்தேன் மச்சான் அந்தாண்ட போவத் திரும்பினான் டப்புன்னு ஒரு சத்தம் அவ்ளோதான் சார் கொழாய் சரிஞ்சிடிச்சி அவன் காலு உள்ள மாட்டிக்கிச்சி விழுந்த பிறகு நீ என்ன செய்தாய் கொழாய நவுத்தினோம் நாலு பேர் அவன தூக்கிகினு ஓடினாங்க நான் போவல சார் அங்கியே நின்னுகினு இருந்தேன் கீழ கயிறு கெடந்திச்சி எடுத்துப் பாத்தேன் பாதிக் கம்பி முன்னாடியே அறுந்து துரு ஏறிகீது பாதிக் கம்பி பளபளன்னு கீது பத்து நாளா புதுக் கயிறு கேட்டுகினு கீறோம்"

நடுவில் வருவது அதிகாரி கேட்ட கேள்வி. கேள்விக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விடுவது என் பழக்கம். மற்றபடி எல்லாம் ஒரே ஓட்டம்தான்.

அன்று மத்தியானம் ஃபேர் காப்பி எழுதினேன். நல்ல எண்ணத்தோடுதான் எழுதினேன், அம்மன் அறிவாள். இந்த ஆள் முன்னும் பின்னுமாகச் சொல்கிறாரே, படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டாமா என்று நினைத்தேன். கம்பி துருப்பிடித்தது விபத்துக்கு முன்னால் நடந்த விஷயம். புதுக் கயிறு கேட்டதும் முன்னால் நடந்த விஷயம். ஆகவே முன்னால் நடந்ததை முதல் பத்தியில் வைத்தேன். கேள்வியை வழக்கப்படி எடுத்துவிட்டேன். வார்த்தைக்கு வார்த்தை "பாத்தேன் பாத்தேன்" என்று வந்துகொண்டிருந்ததால், சொன்னதையே சொல்கிறார் என்று அவற்றையும் அடித்துவிட்டேன். இப்படி வந்தது:

"பத்து நாட்களாகப் புதிய கயிறு கேட்டு வந்தோம். கயிற்றில் பாதிக் கம்பிகள் முன்பே அறுந்து துருப்பிடித்திருந்தன. மீதி பளபளப்பாக இருந்தன.

அன்று நான் கை காட்டினேன். கிரேன்காரர் தூக்கினார். இடுப்பு உயரம் வந்து, பின் ஆள் உயரம் வந்ததும் ஒரு சத்தம் கேட்டது. குழாய்கள் சரிந்து மச்சானின் கால் உள்ளே மாட்டிக்கொண்டது. குழாய்களை நகர்த்தி அவனை வெளியே எடுத்தார்கள்."

ஹெட் கிளார்க் படித்துவிட்டு, "அற்புதமா இருக்கு மாப்பிள" என்றார். சாயந்திரம் கலாசியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினோம். இதெல்லாம் நீ சொன்னதுதானே என்று ஹெட் கிளார்க் கேட்டார். கலாசி தலையாட்டினார். கட்டைவிரல் ரேகை வைத்தார். நான் நோட்டில் குறுக்குக் கோடு அடித்தேன்.

நாலாம் நாள் மேலிடத்திலிருந்து கலாசி மேல் குற்றச்சாட்டுக் கடிதம் வந்தது. மூன்று பிரதி எழுதச் சொல்லி என்னிடமே கொடுத்தார்கள். கயிறு அறுந்து துருப்பிடித்திருந்ததை அறிந்தே அதைக் கட்டிக் கை காட்டி, சக தொழிலாளி ஊனமாகக் காரணமானீர், இதை உம் வாக்குமூலத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறீர், ஏன் வேலைநீக்கம் செய்யக்கூடாது என்று இருந்தது. எழுதும்போது எனக்கு உறுத்தவில்லை. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. 'அடப்பாவி, தெரிந்தே கட்டினானா, சொந்த மச்சான் அல்லவா' என்றுதான் நினைத்தேன்.

கடிதத்தை அவரிடம் கொடுத்து வாசித்துக் காட்டுவதும் என் வேலை. வாசல் கேட்டுக்கு உள்பக்கம், சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் வைத்து வாசித்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் கடிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகினார்.

"ரைட்டர் சார்," என்றார். "அன்னிக்கி படிச்சிக் காட்டினீங்கோ. நானும் கேட்டேன். எல்லாம் நான் சொன்ன வார்த்ததான். ஒண்ணுகூட நீ புச்சா சேக்கல. ஆனா நான் சொன்னது இது இல்ல சார்."

பிறகு என்ன சொன்னாய் என்று நான் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"அதான் எனக்கே சொல்லத் தெர்ல. ஊட்ல அவ மூஞ்ச திருப்பிகினா. தெரிஞ்சேதான் என் தம்பி காலத் துண்டாக்கினியான்னு கேக்கறா. சோத்தத் தட்டுல போட்டு தூர வெச்சிட்டுப் போறா, நாய்க்கி வெக்கற மாரி. வேல போனா போவுது சார், கடல் கீது. இத இன்னா பண்றது."

சத்தம் போடாமல் சொன்னார்.

சாப்பாட்டு வேளையில் நோட்டை எடுத்தேன். நாலு பக்கம் மிச்சம் இருந்ததால் அது இன்னும் என்னிடம்தான் இருந்தது. குறுக்குக் கோட்டுக்கு அடியில் கோடுகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். சின்ன இடைவெளி. "விழுந்த பிறகு நீ என்ன செய்தாய்." அதற்குப் பிறகுதான் கயிறு வருகிறது. "எடுத்துப் பாத்தேன்." அதற்குப் பிறகுதான் துரு வருகிறது. கம்பி எப்போது துருப்பிடித்தது என்பதை நான் கணக்குப் பண்ணினேன். அவர் எப்போது பார்த்தார் என்பதை விட்டுவிட்டேன். கீழே கிடந்த அறுந்த கயிற்றில் பார்த்ததை, கட்டுவதற்கு முன்னாலேயே பார்த்ததாக ஆக்கிவிட்டேன். பொய்யாக ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. மேலே இருந்ததைக் கீழே வைத்தேன், கீழே இருந்ததை மேலே வைத்தேன், நடுவில் இருந்த "எடுத்துப் பாத்தேன்" என்பதை அடித்தேன். அவ்வளவுதான் செய்தேன். டிபன் டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்துவிட்டேன்.

ஹெட் கிளார்க்கிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கையை நீட்டி நோட்டைக் கேட்டார். கொடுத்தேன்.

"கோடு அடிச்சாச்சுல்லா?"

"அடிச்சேன் மாமா. ஆனா..."

"அப்பம் தீந்துது. அவன் ரேகை வச்சிருக்கான். நாளைக்கு நீ போயி நான் எழுதினது தப்புன்னா, இதுவரைக்கும் இந்த ஆபீஸ்ல எழுதின அத்தனை காயிதத்தையும் எவனாவது தப்பும்பான். யூனியன்காரன் வாசல்ல நிப்பான். ஒன்னை வச்ச என்னையுமில்லா கேப்பான்? பிள்ளத்தாச்சிய வச்சிக்கிட்டு நிக்கியே, யோசிச்சுப் பேசு."

நோட்டைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். புது நோட்டு ஒன்றை எடுத்து என் முன்னால் போட்டார். அவர் கெட்டவர் இல்லை. என் கல்யாணத்துக்கு வாழைத்தார் தூக்கியவர். அதனால்தான் எனக்கு வாய் எழவில்லை.

வெள்ளிக்கிழமை மனைவியோடு கோயிலுக்குப் போனேன். எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு மகிழமரம் உண்டு. அதன் அடியில் பொய்ச் சத்தியம் செய்தால் கண் போகும் என்பார்கள். அதனால் திருவொற்றியூர்க்காரர்கள் அந்தப் பக்கம் போகும்போது பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். என் மனைவி அங்கே வைத்துத்தான் கேட்டாள், நாலு நாளாக ஏன் சரியாகச் சாப்பிடவில்லை என்று. ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அந்த இடத்தில் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அர்ச்சனைக் கூடையைக் கீழே வைத்தாள். வேலை போனால் அப்பா கடையில் இடம் இருக்குமா என்று கேட்டாள். இருக்கும், ஆனால் அண்ணன் பேசுவான் என்றேன். "பேசினா பேசட்டும்" என்றாள். பெரியப்பா முகத்தில் எப்படி முழிப்பது என்றும் கேட்டாள். அர்ச்சனைத் தேங்காயை எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

திங்கட்கிழமை காலை விசாரணை. அறையில் அதிகாரி, பக்கத்து நாற்காலியில் ஹெட் கிளார்க், எதிரே கலாசி. ஓரத்து மேஜையில் புது நோட்டோடு நான். நெற்றித் திருநீற்றை வியர்வை கரைத்துக்கொண்டிருந்தது. அதிகாரி என் ஃபேர் காப்பியை நிதானமாக வாசித்தார். அவர் குரலில் அது இன்னும் அழகாக ஓடியது.

"இது நீ சொன்னதுதானே?"

கலாசி என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமா சார். வார்த்த என்து தான்" என்றார்.

"அப்ப கயிறு அறுந்திருக்குன்னு தெரிஞ்சேதான் கட்டினே."

பதில் இல்லை. அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே கிரேன் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி இன்னொரு தடவை கேட்டார். என் பக்கம் திரும்பி, "பதில் சொல்லவில்லைன்னு எழுதிக்கோ" என்றார்.

என் பென்சில் தாளைத் தொட்டது. அதற்கு மேல் நகரவில்லை. நான் எழுந்து நின்றதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"சார், அந்தக் காகிதத்துல தப்பு இருக்கு. தப்பு அவர்து இல்ல. நான் பண்ணினது."

ஹெட் கிளார்க் நிமிரவே இல்லை. அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். என்ன தப்பு என்றார். சொன்னேன். குழறிக் குழறித்தான் சொன்னேன். அவர் சொன்ன வரிசை வேறு, நான் படிக்க நன்றாக இருக்கட்டும் என்று மாற்றிவிட்டேன், உங்கள் கேள்வியையும் எடுத்துவிட்டேன், மூல நோட்டில் சரியாக இருக்கிறது என்றேன்.

"நோட்டு எங்கே?"

நான் ஹெட் கிளார்க்கைப் பார்க்காமல், பீரோவில் இருக்கிறது என்றேன். பழைய நோட்டுகளைக் கழித்துப் போடுவது வழக்கம், இருக்குமோ இல்லையோ என்று ஹெட் கிளார்க் சொன்னார். இருந்தால் கொண்டுவாருங்கள் என்று அதிகாரி சொன்னார். ஹெட் கிளார்க் எழுந்து போனார். மரப்படியில் அவர் செருப்புச் சத்தம் இறங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நோட்டு அவர் கையில். கீழே அடுப்பு இருக்கிறது, குப்பைத் தொட்டி இருக்கிறது. யாரும் கேட்க முடியாது. நான் மனதுக்குள் அம்மனைக் கூப்பிட்டேன். எவ்வளவு நேரம் ஆயிற்றோ, செருப்புச் சத்தம் மேலே ஏறி வந்தது. நோட்டை மேஜைமேல் வைத்தார். என் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்தார். அவர் அதை அழித்திருக்க முடியும், அழிக்கவில்லை. இதையும் நான் எழுதியாக வேண்டும்.

அதிகாரி நோட்டைப் புரட்டினார். கோடுகள்தான் தெரிந்தன. "இதை நீ ஒருத்தன்தான் படிப்பே. நீ இப்ப இஷ்டத்துக்குப் படிக்கமாட்டேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். நியாயமான கேள்வி. முதல் பக்கத்திலிருந்து, ஒன்றும் விடாமல் படிக்கட்டுமா என்றேன். படி என்றார்.

படித்தேன். அவர் கேட்ட ஊர், வயது, எத்தனை வருஷ வேலை, எல்லாம். ஆலைச் சங்கு ஊதியதும் "அது நிக்கட்டும், அப்புறம் சொல்லு" என்று அவர் சொன்னது. அடுத்த கோட்டில் என் நாக்கு நின்றது.

"என்ன, படி."

"சார்... மோர்ல உப்புப் போடாதேன்னு எத்தனை தடவைடா சொல்றது, டாக்டர் என்னைக் கொல்லுவான்."

கதவோரம் நின்ற பியூன் வாயைப் பொத்திக்கொண்டான். அன்று மோர் கொண்டுவந்தவன் அவன்தான். அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "இதையுமா எழுதினே?" என்றார். காதில் விழுந்தது எல்லாம் கை எழுதிவிடும் சார், எழுதும்போது எது வேண்டும் எது வேண்டாம் என்று தெரியாது என்றேன். மேலே படி என்றார், இந்தத் தடவை குரல் வேறாக இருந்தது.

விழுந்த இடம் வரை படித்தேன். இடைவெளி. அவருடைய கேள்வியை அவரிடமே படித்தேன். பிறகு, அங்கேயே நின்றுகொண்டிருந்தேன், கீழே கயிறு கிடந்தது, எடுத்துப் பார்த்தேன். அதற்கு அப்புறம் துரு. கலாசி சுவரில் சாய்ந்துவிட்டார். "இதான் சார்," என்றார். "இதத்தான் சொன்னேன்."

அதிகாரி அவரிடம் நேராகக் கேட்டார், கட்டும்போது ஏன் பார்க்கவில்லை என்று.

"பாத்தேன் சார். ஸ்டோர்ல இருந்து வர்றப்பவே கிரீஸ் அப்பி, கருப்பா கொழகொழன்னு வரும். உள்ள அறுந்தது தெரியாது. அறுந்து விழுந்தப்பறம்தான் முனை விரிஞ்சி தெரிஞ்சிச்சி. பழைய அறுப்பு துருவா கீது, புது அறுப்பு பளபளன்னு கீது."

அதை அவர் முதல் நாள் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. நான் என் ஃபேர் காப்பியில் அந்தக் கேள்விக்கே இடம் இல்லாமல் செய்திருந்தேன்.

அங்கேயே, அவர்கள் முன்னால், அதிகாரி புதிதாக எழுதச் சொன்னார். கேள்வி ஒரு வரி, பதில் அதற்குக் கீழே. ஒவ்வொரு கேள்விக்கும் புதுப் பத்தி. பதிலுக்குள் கலாசி மூச்சு விட்ட இடத்தில் மட்டும் புள்ளி. "கீது" என்பதை "இருக்கிறது" என்று மாற்றட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், விடு என்றார். மூன்று "பாத்தேன்" என்றால் மூன்றும். எடுத்துப் பார்த்த இடம் இப்படி வந்தது:

"கேள்வி: விழுந்த பிறகு நீ என்ன செய்தாய்?

பதில்: கொழாய நவுத்தினோம். நாலு பேர் அவன தூக்கிகினு ஓடினாங்க. நான் போவல சார், அங்கியே நின்னுகினு இருந்தேன். கீழ கயிறு கெடந்திச்சி. எடுத்துப் பாத்தேன். பாதிக் கம்பி முன்னாடியே அறுந்து துரு ஏறிகீது, பாதிக் கம்பி பளபளன்னு கீது. பத்து நாளா புதுக் கயிறு கேட்டுகினு கீறோம்."

கிரீஸைப் பற்றிச் சொன்னதை இன்றைய தேதி போட்டுத் தனியாக எழுதினேன். முதல் நாள் சொன்னதோடு கலக்கவில்லை. ஒரு தாளில் அடங்கவில்லை, மூன்று தாள் ஆயிற்று. படிக்கத் தண்ணீர் மாதிரி ஓடவில்லை, கல்லும் மேடுமாக இருந்தது. நான் வாசித்துக் காட்டினேன். கலாசி கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, ரேகை வைத்தார்.

போகும்போது அதிகாரி என்னிடம் ஒன்று சொன்னார். "நீ நல்லவன்தான். ஆனா நீ எழுதிக் கொடுத்த காகிதத்தை இனிமே நான் எப்படிக் கண்ணை மூடிக்கிட்டுப் படிப்பேன்?"

ஒரு வாரத்தில் கலாசி மேலிருந்த குற்றச்சாட்டை விலக்கிக்கொண்டதாகக் கடிதம் வந்தது. விபத்து என்று முடித்தார்கள். கயிற்றுக்கு யார் பொறுப்பு என்று அந்தக் கடிதத்தில் ஒன்றும் இல்லை. அதே வாரம் என்னைச் சுருக்கெழுத்திலிருந்து எடுத்து, கேட்டில் வண்டி வருவது போவதை எழுதும் வேலைக்குப் போட்டார்கள். அந்த வருஷச் சம்பள உயர்வு இல்லை. ஹெட் கிளார்க் ஆபீசில் என்னோடு பேசுவதை நிறுத்தினார். எங்கள் இரண்டாவது குழந்தைக்குப் பெயர் வைக்க வந்தார், ஆசீர்வாதம் செய்தார், என்னைப் பார்க்காமல் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கலாசி என் வீட்டுக்கு வந்தார். அவருக்குக் கொடுத்த பிரதி கையில் இருந்தது. "அவளுக்கு யார் சொன்னாலும் நம்பிக்க வர்ல. நீ வந்து படி சார்" என்றார். காத்திவாக்கத்துக்குப் போனேன். ஓடைப்பக்கம் காய்ந்துகொண்டிருந்த வலைகளைத் தாண்டி அவர் வீடு. மச்சான் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் ஊன்றுகட்டை. அவன் அக்கா கதவுநிலையில் சாய்ந்து நின்றாள்.

கேள்வியும் பதிலுமாக மூன்று தாளையும் படித்தேன். மோர் விஷயத்தை மட்டும் அதிகாரி அந்தப் பிரதியில் வேண்டாம் என்று தள்ளச் சொல்லியிருந்தார். அதை அவர்களிடம் வாயால் சொன்னேன், ஒன்றும் மறைக்கக் கூடாது என்று. மச்சான் சிரித்துவிட்டான். அக்கா சிரிக்கவில்லை.

"அந்த எடத்த இன்னொருவாட்டி படி," என்றாள். "கீழ கயிறு கெடந்த எடத்த."

படித்தேன். நான் போவல சார், அங்கியே நின்னுகினு இருந்தேன் என்ற இடத்தில் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

மச்சான் கட்டையால் தரையைத் தட்டினான். "பாத்தேன் பாத்தேன்னு இத்தினிவாட்டி பாத்தியே மாமு, கட்டறப்ப கொஞ்சம் கிரீஸ வழிச்சிப் பாத்திருந்தா என் காலு இருந்திருக்கும்."

"வழிச்சிகினு நின்னா மேஸ்திரி சும்மா உடுவானா?" என்றார் கலாசி. குரல் உடைந்தது.

"அதான, உடமாட்டான்," என்றான் அவன். "குந்து. ரைட்டரு எதிர்ல அழுவாத, அதையும் எழுதிக்கப் போறாரு."

அக்கா உள்ளே போனாள். திரும்பி வரும்போது இரண்டு தட்டு கொண்டுவந்தாள். ஒன்றை என் முன்னால் வைத்தாள். நான் ஞாயிற்றுக்கிழமை மீன் தொடுவதில்லை. அவளுக்கு அது எப்படியோ தெரிந்திருந்தது, ரசம் மட்டும் ஊற்றியிருந்தாள். இன்னொன்றை நகர்த்தி வைக்காமல், குனிந்து புருஷன் கையிலேயே கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். அவள் அங்கேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். இதில் எனக்கு இன்னும் உறுத்துகிற ஒன்று உண்டு. அதற்கு முன்னால் நான் எழுதிய ஃபேர் காப்பிகள் எத்தனையோ. தண்ணீர் மாதிரி ஓடியவை. அவற்றின் நோட்டுகள் இல்லை, அந்த ஆட்கள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. தினம் விளக்கேற்றும்போது முகம் தெரியாத அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாருக்காவது எடுத்துச் சொல்வதானால், நான் வைத்த வரிசையிலேயே சொல்லுங்கள். கேட்க நன்றாக இருக்கும் என்று நான் எழுந்து நின்ற இடத்தை முன்னால் கொண்டுவந்து, என் தப்பைப் பின்னால் தள்ள வேண்டாம். ஹெட் கிளார்க் நோட்டைப் பூட்டியதைச் சொன்னால், படியேறிக் கொண்டுவந்து வைத்ததையும் சொல்லுங்கள். கலாசி மூன்று தடவை "பாத்தேன்" என்றால் மூன்று தடவையும் சொல்லுங்கள். நீளமாகிறதே என்று ஒன்றையும் எடுக்க வேண்டாம்.